1,500 ரூபாய் ஃபேனா, 2,800 ரூபாய் ஃபேனா?

மின்சாதனக் கடைகளில் வரிசையாகத் தொங்கும் சீலிங் ஃபேன்களில் இப்போது இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சாதாரண ஃபேன். சுமார் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும். இன்னொன்று ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேன். விலை 2,800 ரூபாய்க்கு அக்கம்பக்கம். இரண்டுக்கும் றெக்கை அளவு ஒன்றுதான்: 1200 மில்லிமீட்டர், அதாவது 48 அங்குலம். விலை வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டால் கடைக்காரர் ஒரு கணக்குச் சொல்வார். “சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 28 வாட்தான். ஒரே வருஷத்துல காசு திரும்பிடும்.”

அந்தக் கணக்கில் பாதி உண்மை. 28 வாட் என்பது சரி. ஆனால் 75 வாட் என்பது அவர் கடையில் இன்று தொங்கும் சாதாரண ஃபேனின் எண்ணிக்கை இல்லை. பல வருடங்களுக்கு முன் வாங்கி நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனின் எண்ணிக்கை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் வாங்குகிறவருக்கு மொத்தக் கணக்கும் தவறிப்போகும்.

ஆகவே இரண்டு ஃபேன்களையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்ப்போம். காற்று எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, வோல்டேஜ் குறையும்போதும் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் எப்படி நடந்துகொள்கிறது, பழுதானால் என்ன ஆகும், கடைசியில் கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு. இந்த ஐந்து மட்டும் போதும். நிறம், விளக்கு, செல்போன் செயலி எல்லாம் விருப்பத்தைப் பொறுத்தவை. அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அளவுகோலை முதலில் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. இல்லாவிட்டால் விற்பவர் ஒரு ஃபேனுக்குக் காற்றையும் இன்னொன்றுக்குக் கரண்டையும் பேசுவார், இரண்டும் நன்றாகவே தோன்றும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

சாதாரண ஃபேனில் நடுவே செம்புக் கம்பி சுற்றிய பகுதி அசையாமல் நிற்கும். அதைச் சுற்றியுள்ள வெளிக்கூடுதான் றெக்கைகளோடு சுழல்கிறது. கம்பியில் ஏசி கரண்ட் பாயும்போது ஒரு சுழலும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் வெளிக்கூட்டுக்குள் இருக்கும் அலுமினியக் கம்பிகளில் கரண்டைத் தூண்டி, அதையும் காந்தமாக்கித் தன் பின்னால் இழுத்துச் செல்கிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. கூடு எப்போதும் காந்தப்புலத்தைவிடச் சற்றுப் பின்தங்கியே சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் தூண்டல் நின்றுபோகும். 14 துருவங்கள் கொண்ட ஃபேனில் காந்தப்புலம் நிமிடத்துக்குச் சுமார் 428 சுற்று சுற்றும். ஃபேன் 380 அளவில் சுற்றும். இந்தப் பின்தங்கலின் விலை வெப்பம். பல மணி நேரம் ஓடிய பழைய ஃபேனை நிறுத்தி, அதன் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். காற்றாக மாறாமல் வீணான கரண்ட் அது.

பிஎல்டிசி ஃபேனில் வெளிக்கூட்டில் நிரந்தரக் காந்தங்களே ஒட்டப்பட்டிருக்கின்றன. அதைக் காந்தமாக்குவதற்கென்று தனியாகக் கரண்ட் செலவழிக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு சிறிய எலக்ட்ரானிக் போர்டு, வீட்டு ஏசி கரண்டை டிசியாக மாற்றி, மூன்று செம்புச் சுற்றுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துக் கொடுக்கிறது. எவ்வளவு வேகம் வேண்டுமோ அந்த வேகத்திலேயே காந்தப்புலத்தைச் சுழற்றுவதால் பின்தங்கல் கிடையாது, அதனால் வரும் சூடும் கிடையாது. ‘இதில் பிரஷ் இல்லை, அதனால் தேயாது’ என்று சில விளம்பரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. சாதாரண ஃபேனிலும் பிரஷ் இல்லைதான். லாபம் எல்லாம் காந்தத்திலும் போர்டிலும் இருக்கிறது. பின்னால் வரும் தொல்லையும் அந்தப் போர்டில்தான் இருக்கிறது.

இனிக் காற்று. ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதை நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் என்று அளப்பார்கள். பெட்டியில் சிஎம்எம் என்று போட்டிருக்கும். 48 அங்குல ஃபேனில் 210 முதல் 230 வரை இருந்தால் சராசரி வீட்டு அறைக்குப் போதுமானது. இந்த எண்ணில் இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல சாதாரண ஃபேன் 220 கொடுக்கும், நல்ல பிஎல்டிசி ஃபேனும் 220 கொடுக்கும். விலை அதிகம் என்பதற்காகக் காற்றும் அதிகம் வரும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

பலர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அது தவறான வழிகாட்டி. குறுகலான, சாய்வு குறைந்த றெக்கை 400 சுற்று சுற்றித் தள்ளும் காற்றை, அகலமான றெக்கை 350 சுற்றிலேயே தள்ளிவிடும். சத்தமும் குறைவாக இருக்கும். கடையில் கீழே நின்று கையை நீட்டிப் பார்ப்பதும் உதவாது. அங்கே பக்கத்து ஃபேன்களின் காற்றும் சேர்ந்து வரும். சிஎம்எம் எண்ணைப் பாருங்கள். அது 210-க்குக் கீழே இருந்தால் வாட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். றெக்கையைச் சுருக்கியும் வேகத்தைக் குறைத்தும் கரண்டை மிச்சம் பிடிப்பது யாராலும் முடியும்.

மெதுவான வேகத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் தெரியும். சாதாரண ஃபேனை ரெகுலேட்டரில் குறைக்கும்போது காந்தப்புலத்தின் வேகம் குறைவதில்லை. புலம் அதே 428 சுற்றில் ஓட, கூடு மட்டும் 200 சுற்றுக்குப் பின்தங்குகிறது. அந்த நிலையில் கூட்டுக்குப் போய்ச் சேரும் சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாகிவிடுகிறது. வேகம் குறையும் அளவுக்குக் கரண்ட் குறையாததற்கு இதுதான் காரணம். பிஎல்டிசி ஃபேனில் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் சரசரவென்று இறங்கும். மூன்றாம் எண்ணில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு வாட்டிலேயே ஓடும் ஃபேன்கள் உண்டு. மார்கழி இரவில் மெதுவாக ஃபேன் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு இது சாதகம்.

அடுத்தது கரண்ட். இங்கேதான் அந்த 75 வாட் கதை வருகிறது. இந்தியாவில் சீலிங் ஃபேன்களுக்கு ஸ்டார் லேபிள் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பு விருப்பம் உள்ள கம்பெனிகள் மட்டும் ஒட்டினால் போதும். லேபிளில் முக்கியமான எண், ஒரு வாட் கரண்டுக்கு எத்தனை சிஎம்எம் காற்று கிடைக்கிறது என்பது. 48 அங்குல ஃபேன் ஒரு ஸ்டார் வாங்கவே அந்த எண் 4-ஐ எட்ட வேண்டும். 210 சிஎம்எம் தரும் ஃபேன் 75 வாட் இழுத்தால் எண் 2.8 தான் வரும். ஒரு ஸ்டார்கூடக் கிடைக்காது, விற்கவும் முடியாது. ஆகவே கம்பெனிகள் சாதாரண ஃபேனின் உள்ளே செம்பையும் இரும்புத் தகட்டையும் மேம்படுத்தி, 50 முதல் 53 வாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. இன்று கடையில் 1,500 ரூபாய்க்குத் தொங்கும் ஒரு ஸ்டார் ஃபேன் பெரும்பாலும் இதுதான். ஐந்து ஸ்டாருக்கு அந்த எண் 6-ஐத் தாண்ட வேண்டும். 30 வாட்டில் 215 சிஎம்எம் தரும் பிஎல்டிசி ஃபேனுக்கு 7-க்கு மேல் வந்துவிடும்.

ஆகவே புது வீட்டுக்கோ புது அறைக்கோ ஃபேன் வாங்குகிறவர் ஒப்பிட வேண்டியது 52 வாட்டையும் 30 வாட்டையும். வித்தியாசம் 22 வாட். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட நினைப்பவர் ஒப்பிட வேண்டியது 75-ஐயும் 30-ஐயும். வித்தியாசம் 45 வாட். இரண்டும் வேறு வேறு கேள்விகள், பதிலும் வேறு. விளம்பரம் இரண்டாவது கேள்வியின் பதிலைக் காட்டி முதல் கேள்விக்காரரிடம் விற்கிறது.

மூன்றாவதாக, வோல்டேஜும் இன்வெர்ட்டரும். என்னைக் கேட்டால் பிஎல்டிசி ஃபேனின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. ஆனால் விற்பவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

சாதாரண ஃபேனின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், இழுவிசை அறுபது சதவீதமாகச் சுருங்கிவிடும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளியிருக்கும் கடைசித் தெரு வீடுகளில், கோடை இரவில் எல்லா வீட்டு ஏசியும் ஓடத் தொடங்கும் நேரத்தில், ஃபேன் முழு எண்ணில் வைத்தும் சோம்பிச் சுற்றுவது இதனால்தான். பிஎல்டிசி போர்டு உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் கூடுதல் ஆம்பியர் எடுத்துக்கொண்டு, மோட்டாருக்குப் போகும் டிசியை மாறாமல் வைத்திருக்கும். 180 வோல்ட்டிலும் அதே காற்று வரும். பல ஃபேன்கள் இதற்கும் வெகுவாகக் கீழே இறங்கினாலும் தாங்கும். உங்கள் தெருவில் லோ வோல்டேஜ் வழக்கமாக இருந்தால், கரண்ட் கணக்கே போடாமல் இந்த ஒரு காரணத்துக்காகவே பிஎல்டிசி வாங்கலாம்.

இன்வெர்ட்டரில் கணக்கு இன்னும் தெளிவு. வீடுகளில் அதிகம் காணப்படும் 150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் பேட்டரியில் காகிதத்தில் 1,800 வாட்-அவர் இருக்கிறது. பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும்; நடைமுறையில் 1,000 வாட்-அவர் கைக்கு வருவதாக வைத்துக்கொள்ளலாம். பழைய 75 வாட் ஃபேன்கள் மூன்று ஓடினால் நாலரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இன்றைய 52 வாட் ஃபேன்கள் மூன்று என்றால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். 30 வாட் பிஎல்டிசி மூன்று என்றால் பதினோரு மணி நேரம். புயலுக்குப் பிறகு இரவு முழுக்கக் கரண்ட் வராத ஊர்களில் இந்த வித்தியாசம் காசில் அளக்க முடியாதது. விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்களில் சாதாரண ஃபேன் ‘ம்ம்ம்’ என்று உறுமும். பிஎல்டிசி ஃபேனில் அந்த உறுமலும் இருக்காது.

பழுதுக்கு வருவோம். இதில் சாதாரண ஃபேன் தெளிவாக முன்னே நிற்கிறது.

சாதாரண ஃபேனில் கெடக்கூடியவை மூன்றுதான். கண்டென்சர், பேரிங், காயில். ஃபேன் வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினால், அல்லது சுவிட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டே நின்று, குச்சியால் றெக்கையைத் தள்ளிவிட்டால் மட்டும் ஓடினால், அது கண்டென்சர். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். அதுவும் எந்த ஊரிலும் கிடைக்கும். எரிந்த வாடை வந்து நின்றுபோனால் காயில். அதைக் கட்டித்தர ரீவைண்டிங் கடைகள் சிறு நகரங்களில்கூட உண்டு. எண்பதுகளில் வாங்கிய ஃபேன் இன்னும் ஓடும் வீடுகள் ஏராளம். அந்த நீண்ட ஆயுளுக்கு அதன் எளிமையே காரணம்.

பிஎல்டிசி ஃபேனில் மோட்டார் பகுதி நன்றாக உழைக்கும். சூடு குறைவாக இருப்பதால் காயிலும் பேரிங்கும் நெடுநாள் வரும். கெடுவது பெரும்பாலும் போர்டு. அதன் அறிகுறிகள் வேறு மாதிரி. சுவிட்சைப் போட்டதும் றெக்கை ஒரு வெட்டு வெட்டி முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும். அல்லது எந்த அசைவும் இருக்காது. (ரிமோட்டில் பேட்டரியை மாற்றிப் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். சில மாடல்களில் சுவிட்சை அணைத்துப் போட்ட சில விநாடிகளுக்குள் ரிமோட்டை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், கையேட்டில் போட்டிருப்பார்கள்.) போர்டு போய்விட்டால் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. அந்தக் கம்பெனியின் அந்த மாடலுக்கான போர்டே வேண்டும். வாரண்டி முடிந்த பிறகு அதற்குப் பல நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை ஆகலாம். அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்றால் போர்டு கிடைப்பதும் சந்தேகம்.

போர்டின் பெரிய எதிரி திடீரென்று ஏறும் வோல்டேஜ். இடி மின்னல் ஒன்று. நியூட்ரல் அறுந்து போவது இன்னொன்று. கம்பத்திலோ வீட்டு மெயினிலோ நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேல் போகலாம். அந்தச் சில நிமிடங்களில் சாதாரண ஃபேன் வெறிபிடித்துச் சுற்றினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். போர்டு கருகிவிடலாம். இந்தத் தொல்லை அடிக்கடி வரும் ஊர் என்றால், வீட்டின் மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜை வெட்டிவிடும் கருவி ஒன்றையும் வைத்துவிடுவது நல்லது. டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் சேர்த்தே அது காவல். மழைச்சாரல் படும் திண்ணையிலும் மொட்டைமாடிக் கொட்டகையிலும் பிஎல்டிசி வேண்டவே வேண்டாம். ஈரம் போர்டுக்கு ஆகாது.

மாட்டும்போது செய்யும் ஒரு தவறும் போர்டைக் கெடுக்கிறது. பிஎல்டிசி ஃபேனுக்குச் சுவரிலுள்ள ரெகுலேட்டர் கூடாது. வேகத்தைப் போர்டே பார்த்துக்கொள்ளும். வெளி ரெகுலேட்டர் வழியாகக் கரண்ட் வந்தால் போர்டுக்கு வர வேண்டிய மின்சாரம் உருக்குலைந்து வரும். ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரோடேயே இயங்கும் சில மாடல்கள் வந்திருக்கின்றன. பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

ஐந்தாவது அளவுகோல் பணம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹால், இரண்டு படுக்கையறை, ஒரு சாமான் அறை. எல்லாவற்றுக்கும் புதிதாக ஃபேன் வாங்க வேண்டும். ஒரு ஸ்டார் ஃபேன் 1,500 ரூபாய், 52 வாட். பிஎல்டிசி 2,800 ரூபாய், 30 வாட். கூடுதல் விலை 1,300 ரூபாய். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஹால் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிறது. 22 வாட் வித்தியாசம் நாளைக்கு 330 வாட்-அவர், இரண்டு மாத பில்லுக்கு 20 யூனிட், 100 ரூபாய். வருடத்துக்கு 600 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 1,300 ரூபாய் இரண்டு வருடம் இரண்டு மாதத்தில் திரும்பிவிடும். பத்து வருடத்தில் ஒரு முறை போர்டு போய் 1,000 ரூபாய் செலவானாலும், கையில் 3,700 ரூபாய் நிற்கும். இங்கே யோசிக்க எதுவும் இல்லை.

படுக்கையறை ஃபேன் எட்டு மணி நேரம். இரண்டு மாதத்துக்குப் பத்தரை யூனிட், வருடத்துக்கு ஏறத்தாழ 317 ரூபாய். 1,300 திரும்ப நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். பத்து வருடக் கணக்கில் போர்டுச் செலவையும் கழித்தால் லாபம் 900 ரூபாய்கூட இல்லை. பணத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்வெர்ட்டர் இருந்தால், லோ வோல்டேஜ் இருந்தால் தராசு பிஎல்டிசி பக்கம் சாயும்.

சாமான் அறை ஃபேன் நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். வருடத்துக்கு மிச்சம் 40 ரூபாய். அதன் ஆயுளுக்குள் 1,300 ரூபாய் திரும்பவே திரும்பாது. விருந்தினர் அறைக்கும் இதே பதில்.

ஒரு யூனிட் 5 ரூபாய் என்று வைத்தோமே, அதை உங்கள் பில்லைப் பார்த்து நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஃபேனால் மிச்சமாகும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழியும். ஆகவே மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுக்காதீர்கள். பில்லில் கடைசியாக எந்த விலைக்கு யூனிட் போட்டிருக்கிறார்களோ அந்த விலையை எடுங்கள். ஏசி ஓடும் வீட்டில் அந்தக் கடைசி யூனிட் 8 ரூபாயாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். 8 ரூபாய் என்றால் ஹால் ஃபேனின் கூடுதல் விலை ஒரு வருடம் நான்கு மாதத்தில் திரும்பும். படுக்கையறை ஃபேனும் இரண்டரை வருடத்தில் திரும்பிப் பத்து வருடத்தில் 2,700 ரூபாய் மிச்சம் காட்டும்.

இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற வரம்புக்குள்ளேயே முழுப் பயன்பாடும் அடங்கிவிடும் சிறு வீடுகள் நிறைய இருக்கின்றன. இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டிவி. அந்த வீட்டில் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் பில்லில் மிச்சமாகும் தொகை பூஜ்யம். ஏற்கெனவே பில் வராத வீட்டில் எதைக் குறைப்பது? அவர்களிடம் 1,300 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு ‘ஒரே வருஷத்துல திரும்பிடும்’ என்று சொல்வது அநியாயம்.

பழைய ஃபேனைக் கழற்றலாமா என்பதற்கான கணக்கு வேறு. இங்கே முழு 2,800 ரூபாயும் புதுச் செலவு. ஆனால் வித்தியாசம் 45 வாட். 15 மணி நேரம் ஓடும் ஹால் ஃபேன் என்றால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட், 5 ரூபாய் விலையில் வருடத்துக்கு 1,200 ரூபாய்க்கு மேல். இரண்டே கால் வருடத்தில் முழு விலையும் திரும்பும். நன்றாக ஓடினாலும் கழற்றிவிடலாம். எட்டு மணி நேரப் படுக்கையறை ஃபேன் என்றால் நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். அது பழுதாகும்வரை ஓடட்டும், பழுதானதும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, என் பரிந்துரை இது. ஹாலுக்கும், பகல் இரவு என்று நெடுநேரம் ஃபேன் ஓடும் எந்த அறைக்கும், கடைக்கும், தையல் வேலை செய்யும் இடத்துக்கும் ஐந்து ஸ்டார் பிஎல்டிசி வாங்குங்கள். படுக்கையறைக்கு, வீட்டில் இன்வெர்ட்டரோ லோ வோல்டேஜோ ஏசியோ இருந்தால் பிஎல்டிசி. மூன்றும் இல்லையென்றால் ஒரு ஸ்டார் சாதாரண ஃபேன். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக ஓடும் அறைக்கும், சாரல் படும் இடத்துக்கும், 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கும் சாதாரண ஃபேன் போதும். வாடகை வீட்டில் இருப்பவரும் தயங்க வேண்டாம். கரண்ட் பில் கட்டுவது நீங்கள்தான். காலி செய்யும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகலாம், எந்த வீட்டு ஹூக்கிலும் மாட்டும்.

பிஎல்டிசி என்று முடிவு செய்துவிட்டால், பிராண்டைவிட முக்கியமாகக் கடையில் பார்க்க வேண்டியவை சில. லேபிளில் ஐந்து ஸ்டார் இருக்கிறதா, சிஎம்எம் 210-க்குக் குறையாமல் இருக்கிறதா? சிஎம்எம்மை வாட்டால் நீங்களே வகுத்துப் பாருங்கள். 6-க்குக் கீழே வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அட்டையில் பெரிதாக பிஎல்டிசி என்று அச்சிட்டு, லேபிளே ஒட்டாமல் விற்பதைத் தொடாதீர்கள். அடுத்து வாரண்டி. ‘மோட்டாருக்கு ஐந்து வருஷம்’ என்று எழுதியிருந்தால் அது பெரிய விஷயம் இல்லை, மோட்டார் கெடுவது அபூர்வம். போர்டுக்கு எத்தனை வருடம், வீட்டுக்கு வந்து மாற்றித் தருவார்களா, உங்கள் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்குக் குறைவாக இருந்தால் வேறு மாடல் பாருங்கள். ஹால் ஃபேனின் விலை அதற்குள் திரும்பிவிடும் என்பதால் அந்த மூன்று வருடம் முக்கியம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ரிமோட் இல்லாமல் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டே வேகத்தை மாற்ற முடிகிற மாடலைக் கேட்டு வாங்குங்கள். பலவற்றில் இந்த வசதி உண்டு. கரண்ட் போய் வந்தால் பழைய வேகத்திலேயே தொடங்குகிறதா என்பதையும் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லலாம். ஒரே ஹாலில் இரண்டு ஃபேன் மாட்டுவதாக இருந்தால், ஒரு ரிமோட்டை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாமல் தனித்தனியாக இணைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

நான்கு ஃபேனையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அதிக நேரம் ஓடும் ஒன்றை முதலில் மாற்றுங்கள். அடுத்த ஒரு மழைக்காலத்தை, அதன் இடி மின்னலையும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும், அந்தப் போர்டு தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கிவிட்டால் படுக்கையறைகளுக்கும் அதே மாடலை வாங்கலாம். ரிமோட்டும் போர்டும் எல்லா ஃபேனுக்கும் ஒன்றாக இருக்கும்.